மாமா செய்த திருத்தங்கள்

என் மாமனாருடைய பேரை நான் சொல்ல மாட்டேன். அதில் ரகசியம் ஒன்றுமில்லை. வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் புருஷன் பேரையும் மாமனார் பேரையும் பெண்கள் வாயால் சொல்லக் கூடாது என்பது எங்கள் காலத்துப் பழக்கம். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. என் வீட்டுக்காரரும் போய்விட்டார். எனக்கும் எண்பது தாண்டிவிட்டது. ஆனாலும் நாக்கு எழவில்லை. பேரன் கேலி செய்கிறான், செய்துகொள்ளட்டும். மாமா என்றே எழுதுகிறேன்.

வேடிக்கை என்னவென்றால், கண்ணில் பட்ட சாமானுக்கெல்லாம் பேர் எழுதி வைத்த மனிதர் அவர். மதுரை டவுனில் அவருக்குப் பாத்திரக்கடை. குடியிருப்பு பரவையில். பாத்திரம் வாங்குகிறவர்களுக்கு அவரே சின்ன உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து டொக் டொக்கென்று பேர் வெட்டிக் கொடுப்பார். கடையில் வெட்டியது போதாது என்று வீட்டுக்கு வந்தும் அதே வேலை. குடைக்கம்பில் பேர், லாந்தர் விளக்கில் பேர், மாவரைக்கும் கல்லில் பேர். நான் கொண்டுவந்த சீர்ப் பாத்திரங்களில் எங்கள் அப்பா ஏற்கெனவே பேர் வெட்டித்தான் அனுப்பியிருந்தார். மாமா ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெட்டுனவன் கைநடுங்கி போலருக்கு" என்று சொல்லி, பக்கத்திலேயே மறுபடி வெட்டினார். புதுப்பெண் நான் என்ன சொல்ல முடியும்? ஒரு பேருக்கு இரண்டு பேராக என் சொம்பெல்லாம் ஆயின.

எது தப்பாகப் பட்டாலும் திருத்தாமல் அவரால் உட்கார முடியாது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரர்கள் தங்களுக்குள் ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தால், அதில் தப்பிருந்தால், பின்னாலிருந்து எட்டித் திருத்துவார். அதுவும் சும்மா திருத்த மாட்டார். "நீங்க சொன்னது இது. சரியானது இது" என்று இரண்டையும் சொல்வார். கேட்டால், "கணக்குல தப்பு வந்தா சுரண்டி அழிக்கக் கூடாதுத்தா. ஒரு கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடணும். அழிச்சா களவு, அடிச்சா திருத்தம்" என்பார். கடைக் கணக்குக்கு அது சரிதான். மனுஷருக்கும் அதையே கொண்டுவந்ததுதான் எங்களைப் பிடித்த சனியன்.

நான் அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் இருக்கும், மாமியார் காலமானார். கருமாதியன்று தெரு முக்கில், வேப்பமர நிழலில், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பெண் நெடுநேரமாக நின்றுகொண்டிருந்தார். யாரும் கிட்டப் போகவில்லை. போனவர்களும் திரும்பி வந்து குசுகுசுவென்று பேசினார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமா எழுந்து போனார். நானும் சொம்புத் தண்ணீரோடு பின்னால் போனேன்.

அது மாமாவின் மூத்த பிள்ளை. ஆண் பிள்ளை என்று எண்ணி வளர்த்த பிள்ளை. அந்த எண்ணம் தப்பு, தான் பெண் என்று சின்ன வயதிலேயே தெரிந்து, சொல்லி, அடிபட்டு, வீட்டை விட்டுப் போய், மதுரையில் வைகைக்கு வடகரையில் தன்னைப் போன்றவர்களோடு ஒரு வீட்டில் பெண்ணாக வாழ்ந்துவந்தவர். இன்றைக்குத் திருநங்கை என்று மரியாதையாக ஒரு சொல் வந்திருக்கிறது. அன்றைக்கு வைவதற்கு மட்டும்தான் சொற்கள் இருந்தன, அவற்றை எழுத எனக்கு இஷ்டமில்லை.

மாமா அவர் முன்னால் போய் நின்றார்.

"அம்மாவுக்கு அழுகத்தானே வந்த? இங்க நின்னு எதுக்கு அழுகுற, உள்ள வந்து அழு" என்றார் மாமா. பிறகு, "உன்னைய என்னன்னு கூப்பிடணும்?" என்று கேட்டார்.

"வடிவு. அம்மா அப்படித்தான் கூப்பிடுவாக."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மாமியார் வெள்ளிக்கிழமை தோறும் மதுரைக்குக் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனதில் பாதி வடகரை வீட்டுக்குத்தான். தானே வைத்துக்கொண்ட பேரை மகள் தாயிடம் சொல்லியிருக்கிறார், தாய் வருஷக்கணக்காக அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். கட்டின புருஷனிடம் மூச்சுவிடவில்லை. மாமா அதைக் கேட்டு அப்படியே மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் பிள்ளையின் பேர் தனக்குத் தெரியாமலே இத்தனை காலம் இருந்துவிட்டோமே என்ற அந்த ஆற்றாமைதான் பின்னால் அவரை அந்தப் பாடு படுத்தியது என்று நினைக்கிறேன். எங்களையும் சேர்த்துத்தான் படுத்தியது.

மதினி வீட்டோடு வந்துவிட்டார். என் வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு மதினி. அவர் வீட்டுக்கு வந்த மறுநாளே மாமா திருத்த ஆரம்பித்துவிட்டார்.

பரவைச் சந்தையில் தக்காளிக் கூடைக்காரியை நிறுத்துவார். "இந்தா பாரு, என் மூத்த பிள்ளையை நீ இன்னாருன்னு சொல்லிக்கிட்டு இருந்தில்ல?" என்று பழைய பேரைக் கணீரென்று சொல்வார். "இனிமே அப்படிச் சொல்லப்படாது. வடிவு." கூடைக்காரி பாவம், அவள் பக்கத்து ஊர்க்காரி. அவளுக்கு அந்தப் பழைய பேர் தெரியவே தெரியாது. மாமா சொல்லித்தான் தெரியும். இப்படி வண்டிக்காரன், வண்ணான், பஸ் கண்டக்டர், வெற்றிலை போட நின்றவன், எல்லாருக்கும். கேட்டிராதவர்கள் எல்லாரும் அந்தப் பேரைத் தெரிந்துகொண்டார்கள். தெரிந்து மறந்துபோனவர்களுக்கு ஞாபகம் வந்தது. மகளுக்காக அவர் பரிந்து பேசிய ஒவ்வொரு தடவையும் அந்தப் பேர் இன்னும் நாலு காதில் விழுந்தது.

வீட்டுக்குள்ளும் அதே கதைதான். பிள்ளைகள் பிறந்தபோது ஒவ்வொருவர் பேருக்கும் ஒரு அண்டாவோ, தவலையோ, குத்துப்போணியோ பேர் வெட்டி வைப்பது அந்த வீட்டு வழக்கம். மூத்த பிள்ளை என்பதால் மதினிக்குத்தான் அதிகம். மாமா அத்தனையையும் முற்றத்தில் பரப்பிவிட்டார். பழைய பேரின் மேல் உளியால் ஒரு கோடு. பக்கத்தில் வடிவு என்று வெட்டி, திருத்தியவர் என்று தன் பேரின் முதலெழுத்து வேறு! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பித்தளையில் கோடு போட்டால் எழுத்து மறையுமா? முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. ஊரில் யாராவது வீட்டு விசேஷத்துக்கு அண்டா இரவல் கேட்டு வந்தால் அதைத்தான் தூக்கிக் கொடுப்பார். பந்தியில் சோறு பரிமாறுகிறவனெல்லாம் அதைப் படித்தான்.

ஒரு நாள் மதினி வெடித்துவிட்டார். குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தவர், கரண்டியும் கையுமாக முற்றத்துக்கு வந்தார்.

"அப்பா, நீங்க என்ன செய்றீகன்னு உங்களுக்குத் தெரியுதா?"

"ஏன், திருத்துறேன்."

"எதைத் திருத்துறீக? நான் வடகரையில இருக்கும்போது அந்தப் பேரு பத்துப் பேருக்குத் தெரியும். இப்ப மாட்டுத்தாவணி வரைக்கும் தெரியுது. என்னைய ஏசுறவன்கூட அந்தப் பேரை இம்புட்டுத் தடவ சொல்லலப்பா. நீங்கதான் சொல்றீக."

"பின்ன எதைச் சொல்லக் கூடாதுன்னு சொல்லாம எப்படித்தா சொல்றது?"

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. முகம் குழந்தை முகம் மாதிரி இருந்தது. மதினி கரண்டியை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். குழம்பு அடிப்பிடித்தது. அன்றைக்கு எல்லாரும் அடிப்பிடித்த குழம்பைத்தான் சாப்பிட்டோம், மாமா மட்டும் உப்பு கம்மி என்று திருத்தினார்.

இதற்கு நடுவில்தான் கொழுந்தனாருக்கு, மாமாவின் கடைசி மகனுக்கு, சோழவந்தானில் பெண் பேசி முடிந்தது. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். எங்கள் பக்கம் தாலியில் மூன்றாவது முடிச்சை மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோதான் போட வேண்டும். கொழுந்தனார் தானே வந்து, "அக்கா, நீதான் முடிச்சுப் போடணும்" என்று கேட்டார். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். ஆனால் தம்பி போன பிறகு என்னிடம் சொன்னார்:

"இந்த வீட்டுல எனக்கு வேற எதுவும் வேண்டாம் தாயி. அந்த ஒரு முடிச்சுப் போட்டாப் போதும். ஆனா அன்னைக்கு அந்தப் பேரை அப்பா வாயில நான் கேட்டேன்னா, பந்தல்ல இருந்தே வடகரைக்குப் போயிருவேன். பிறகு என்னைய யாரும் கூப்பிட வேண்டாம்."

வெறும் பேச்சுக்குச் சொல்கிறவர் இல்லை மதினி. ஏற்கெனவே ஒரு தடவை போனவர்தானே. கல்யாணத்துக்கு வரப்போகிறவர்கள் நூறு பேர் என்றால் நூறு பேரையும் நிறுத்தி மாமா திருத்துவார் என்பது எனக்கு நிச்சயம்.

அந்தச் சமயத்தில் என் கைக்குழந்தைக்கு விடாத காய்ச்சல். மாமாவும் நானும் மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீட்டு எழுதுகிற இடத்தில் என்னை வரிசையில் நிறுத்திவிட்டு மாமா தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார். சீட்டு எழுதுகிறவர் தலையைத் தூக்காமல், "தகப்பன் பேரு?" என்றார்.

நான் எப்படிச் சொல்வது? பேசாமல் நின்றேன்.

"ஏம்மா, பிள்ளைக்குத் தகப்பன் இருக்கானா இல்லையா?"

பின்னால் நின்ற ஒரு அம்மாள், "அவுக வீட்டுக்காரர் பேரை எப்படிய்யா சொல்வாக" என்று எனக்குப் பரிந்து பேசினார். சீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். வரிசை நீண்டது. குழந்தை அலறியது. நான் கல்லாக நின்றேன். கடைசியில் மாமா ஓடிவந்து மகன் பேரைச் சொன்ன பிறகுதான் சீட்டு வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். "பிள்ளைக்கு அம்புட்டுக் காய்ச்சல் அடிக்குது, அப்பக்கூட ஒரு பேரைச் சொல்லக் கூடாதாத்தா?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. குழந்தையின் காய்ச்சல், வரிசையில் பட்ட அவமானம், எல்லாம் சேர்ந்து வாய் திறந்துகொண்டது. மாமனாரிடம் அப்படிப் பேசினது அதுதான் முதல் தடவை.

"எனக்கு அவுக பேரு தெரியாம இல்ல மாமா. உங்க பேரும் தெரியும். இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து ஒரு தடவை சொல்லியிருப்பனா? சொல்லாததுனால எந்தக் காரியம் நின்னுச்சு? உங்களைத் தேடி ஆள் வந்தா, 'எங்க மாமா கடைக்குப் போயிருக்காக'ன்னு சொல்றேன். அவனுக்குப் புரியாமலா போகுது? ஊர்ப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் ஆயுசு பூரா ஒரு பேரைச் சொல்லாம இருக்கோம், மரியாதைன்னுதானே சொல்லிக் குடுத்தீக. அந்த மரியாதையை உங்க மகளுக்குக் குடுக்க உங்களால முடியாதா? எது சொல்லக் கூடாத பேருன்னு யாருக்கும் நாங்க விளக்கிக்கிட்டா இருக்கோம்? சும்மா சொல்லாம இருக்கோம். 'வடிவு வந்தா, வடிவு போனா'ன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

பஸ் தத்தனேரி தாண்டுகிற வரைக்கும் மாமா டிக்கெட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தார். பிறகு, "அடிக்காமத் திருத்தணும்ங்கிற" என்றார்.

"ஆமா."

"பழசு எங்க போகும்?"

"எங்கயும் போகாது. உங்க பேரு எங்க போச்சு? அது பாட்டுக்கு இருக்கு. நான் எடுக்கல, அம்புட்டுத்தான்."

சரி, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். மாமாவைத் தெரியாமல் நினைத்தது அது. எதையும் அரைகுறையாகச் செய்கிற மனிதரா? புருஷன் பேர் சொல்லாத பெண்கள் அந்தப் பேரில் இருக்கிற சாமியையும் சொல்ல மாட்டார்கள், அந்தப் பேர் வருகிற ஊரையும் சொல்ல மாட்டார்கள், தெரியுமல்லவா? மாமா அந்த வழக்கத்தை அப்படியே பிடித்துக்கொண்டார். பழைய பேரில் ஒரு சாமி பேர் இருந்தது. எந்தச் சாமி என்று கேட்காதீர்கள். "அந்தக் கோயில் இருக்குல்ல, அதான் அந்த... மலை மேல... இல்ல, நான் சொல்ல மாட்டேன்" என்பார். எதிராளி, "எந்தக் கோயிலுண்ணே?" என்பான். ஊர் முழுக்க இப்போது அந்தச் சாமியை ஞாபகப்படுத்திக்கொண்டு இருந்தது.

மதினிதான் அதற்கும் ஒரு முடிவு கட்டினார். "அப்பா, அந்தச் சாமி என்ன பாவம் செஞ்சுச்சு? சாமியைச் சாமி பேரு சொல்லியே கும்பிடுங்க. என்னைய வடிவுன்னு கூப்பிடுங்க. கூப்பிட்டுட்டு அடுத்த வேலையைப் பாருங்க. இம்புட்டுத்தான் நான் கேக்குறது."

அதற்குப் பிறகு நாளாக ஆக ஏறக்குறைய நேரானார். பழைய கதை சொல்லும்போதும் மாற்றிக்கொண்டார். "வடிவு சின்னப் பிள்ளையில ஆத்துல முங்கி அயிரை மீனைக் கையால பிடிப்பா" என்று அவர் என் குழந்தையிடம் சொன்னதை நான் அடுப்படியிலிருந்து கேட்டேன். ஆற்றில் முங்கின பிள்ளைக்கு அன்றைக்கு வேறு பேர் இருந்ததே, என்ன செய்வது என்று நான் வீணாகக் குழம்பிக்கொண்டிருந்தேன். ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆற்றில் முங்கியது மதினிதான். மதினியின் பேர் வடிவு. கதையில் ஒரு குறையும் வரவில்லை.

பழைய சாமான்கள் விஷயத்தில் மட்டும் மதினியைப் பாடாய்ப் படுத்தினார். தானாக எதையும் தொடக் கூடாது, கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று நான்தான் சொல்லி வைத்தேன். அது தப்பாகப் போயிற்று. மதினி குளிக்கப் போனாலும், கோலம் போட்டாலும், மாமா ஒரு சாமானோடு வந்து நிற்பார். "இதுக்கு என்ன செய்ய?" கோடு போட்ட அண்டாவை உருக்கிப் புதிதாக வார்க்கச் சொன்னார் மதினி. ஜாதக ஓலையைத் தானே வாங்கி வைகையில் விட்டார். குழந்தைக்குப் பால் புகட்டுகிற சின்னப் பாலாடை ஒன்றில் இருந்த பேரை மாமா அரம் போட்டு ராவப் போனபோது மட்டும் பிடுங்கிக்கொண்டார். "இது அம்மா எனக்குப் பால் குடுத்தது. எதுவும் செய்யாதீக. இது என் பெட்டியில இருக்கட்டும், யாரும் பாக்க வேண்டாம்." ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பதில். மாமாவுக்கு அது பெரிய எரிச்சல். எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம் சொல்லிவிட்டால் என்ன என்று என்னிடம் முணுமுணுத்தார்.

ஒரே ஓரிடத்தில் அந்தப் பேரை எழுதித்தான் ஆக வேண்டும் என்று வந்தது. பரவையில் ஒரு தோட்டம், மூத்த பிள்ளை பேரில் அந்தக் காலத்தில் வாங்கியது. பத்திரத்தில் இருக்கிறவரும் வடிவும் ஒருவரே என்று எழுதிப் பதிந்தால்தான் தோட்டம் மதினி கைக்கு வரும். பத்திரம் எழுதுகிறவர் வரிக்கு வரி இரண்டு பேரையும் போட்டு எழுதிக்கொண்டு வந்தார். மாமா அதை மதினியிடம் காட்டிக் கேட்டார். "தொடக்கத்துல ஒரு தடவை இருக்கட்டும், பிறகு கடைசி வரைக்கும் வடிவுதான்" என்று மதினி சொல்ல, மாமா எழுதுகிறவரோடு சண்டை போட்டு அப்படியே எழுத வைத்தார். அந்த மனிதர் அதற்குப் பிறகு எங்கள் கடைப் பக்கமே வரவில்லை.

கல்யாணம் நெருங்கியபோதுதான் எல்லாருக்கும் பங்காளிப் புத்தகம் ஞாபகம் வந்தது. எங்கள் குலதெய்வம் சோழவந்தானுக்கு இந்தப் பக்கம், ஒரு கண்மாய்க்கரையில். பங்காளி வீட்டில் கல்யாணம் என்றால் முதல் நாள் அங்கே பொங்கல் வைத்து, பெரிய பங்காளி அந்தப் புத்தகத்தைப் பிரித்து, அந்த வீட்டுப் பேர்களைச் சாமி முன்னால் சத்தமாக வாசிப்பார். பேர் வாசித்தவர் முன்னால் போய் விபூதி வாங்க வேண்டும். எங்கள் வீட்டு வரியில் முதலில் இருந்தது அந்தப் பழைய பேர்.

மாமா என்னையும் கூட்டிக்கொண்டு பெரிய பங்காளி வீட்டுக்குப் போனார். தான் ஏதாவது உளறினால் நான் பின்னாலிருந்து கனைக்க வேண்டும் என்று ஏற்பாடு.

"சாமி முன்னால எழுதுனது தம்பி. அடிக்கப்படாது, கிழிக்கப்படாது. வேணும்னா அந்த ஒரு வரியை முழுங்கிட்டு வாசிக்கிறேன்" என்றார் பெரிய பங்காளி.

"முழுங்குனா எனக்கு மூத்த பிள்ளையே இல்லைன்னு ஆகுமேண்ணே. வடிவு யாரு?"

"அப்ப அந்த இடத்துல வடிவுன்னு வாசிக்கவா?"

மாமா யோசித்தார். அந்த வரிசை ஆண்பிள்ளைகள் வரிசை. அதில் வடிவு என்று வாசித்தால் ஒரு கையால் கொடுத்துவிட்டு மறு கையால் பறித்த மாதிரி. "அவ பொண்ணுண்ணே. பொண்ணுக வரிசையில வாசிங்க."

"பொண்ணுகளுக்கு ஏதுடா வரிசை? நாம எழுதுறதே இல்லையே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆண் என்று தப்பாக நினைத்திருந்த வரைக்கும் புத்தகத்தில் முதல் இடம். பெண் என்று ஒப்புக்கொண்டால் புத்தகத்திலேயே இடமில்லை. நல்ல நியாயம்! கனைக்க வேண்டியவள் நான் ஏதாவது சொல்லிவிடுவேன் போல இருந்தது. அதற்குள் மாமா வாயைத் திறந்தார்.

"அப்ப எழுதணும்."

"என்னது?"

"எல்லா வீட்டுப் பொண்ணுகளையும் எழுதணும். புத்தகத்தைப் பூச்சி அரிச்சுருச்சு, எப்படியும் புதுசாப் பார்த்து எழுதத்தான் வேணும். நான் எழுதித் தாரேன்."

பெரிய பங்காளி சிரித்தார். ஆனால் உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவருடைய அக்கா சிரிக்கவில்லை. புருஷன் இறந்த பிறகு தம்பி வீட்டோடு வந்திருந்தவர், எங்கள் எல்லாருக்கும் அத்தை முறை. கண் சரியாகத் தெரியாது, ஞாபகமும் ஒரு நேரம் போல ஒரு நேரம் இருக்காது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஏண்டா, இந்தச் சாமிக்கு எத்தனை வருஷம் மாவிளக்கு எடுத்திருக்கேன். என் பேரு அதுல இல்லையா?" என்று கேட்டார். "எழுதுடா" என்றார் அத்தை. அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சில்லை.

பிறகு பட்ட பாட்டை என்னவென்று சொல்ல! மாமா புதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பங்காளி வீடு வீடாக ஏறி இறங்கினார். பாதி ஆண்களுக்குத் தங்கள் அத்தைமார் பேர் தெரியவில்லை. "சின்னத்தை" என்றார்கள். "சின்னத்தைக்குப் பேரு இல்லையா?" என்று மாமா அங்கேயே உட்கார்ந்துகொள்வார். கட்டிக்கொடுத்த ஊருக்கு ஆள் அனுப்பிக் கேட்டுவரச் சொல்வார். என் பேர் உண்டா, என் தங்கச்சி பேர் விட்டுப்போச்சே என்று எங்கெங்கிருந்தோ பெண்கள் வந்து இறங்கினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் ஆக்கிப் போட்டது யார்? மதினியும் நானும்தான். கல்யாண வேலை பாதி கிடந்தது. "உங்க அப்பாவை நான் ஒரு நாள் அந்தக் கண்மாயில தள்ளத்தான் போறேன் மதினி" என்றேன். "தள்ளு, நானும் ஒரு கை பிடிக்கிறேன்" என்றார் மதினி. ஆனால் அவர் முகத்தில் நான் அதற்கு முன் பார்க்காத ஒரு வெளிச்சம் இருந்தது.

பழைய புத்தகத்தை அழிக்கவில்லை. மஞ்சள் துணியில் சுற்றி முடிந்து, சாமிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். இனி வாசிப்பது புதியதைத்தான். பொங்கலன்று பெரிய பங்காளி எங்கள் வீட்டுப் பேரை வாசித்தார். "மூத்தது, மக வடிவு." மதினி போய் விபூதி வாங்கினார். இத்தனை பெண்கள் பேருக்கு நடுவில் அதுவும் ஒரு பேர். எவரோ இருமினார், அவ்வளவுதான்.

மறுநாள் சோழவந்தானில் முகூர்த்தம். கொழுந்தனார் இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டார். "நாத்தனார் எங்க, வரச் சொல்லுங்க" என்று குரல். மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். அப்போது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த அத்தை, பெண்கள் பேரை எழுதச் சொல்லித் தம்பியிடம் வாதாடின அதே அத்தை, சந்தோஷத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, பழைய பேரைச் சொல்லி, "வாடா" என்று கூப்பிட்டுவிட்டார்.

மேளக்காரர் மேளத்தை நிறுத்திவிட்டார். மதினி நின்றுவிட்டார். எடுத்த கை இறங்கியது. நான் மதினியைப் பார்க்கவில்லை, மாமாவைத்தான் பார்த்தேன். அவருடைய வாய் திறந்தது. போச்சு, இப்போது எழுந்து நின்று, அத்தை சொன்னது இது, சரியானது இது என்று விளக்கி, அந்தப் பேரை இன்னொரு தடவை பந்தலுக்கே கேட்கச் சொல்லப் போகிறார் என்று எனக்கு உயிரே போய்விட்டது.

"வடிவைக் கூப்பிடுறீகளாக்கா? இந்தா வந்துட்டா" என்றார் மாமா. அத்தைக்குக் காது கேட்கிற அளவுக்கு மட்டும். பிறகு மேளக்காரர் பக்கம் திரும்பி, "என்னய்யா நிறுத்திட்டீக, அடிங்க" என்றார்.

மேளம் கொட்டியது. மதினி ஒரு நிமிஷம் அப்பாவைப் பார்த்தார். பிறகு குனிந்து முடிச்சைப் போட்டார். அவிழ்ந்துவிடுமோ என்று பயந்து இறுக்கிவிட்டார் போல, கல்யாணப்பெண் "மெதுவா மதினி" என்று முனகியது எனக்குக் கேட்டது.

பந்திக்கு எல்லாரும் எழுந்தார்கள். அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைத் துழாவினார்.

"ஏத்தா வடிவு, எங்க போய்த் தொலைஞ்ச? எனக்குக் கண்ணு தெரியாதுன்னு தெரியும்ல? என்னையக் கூட்டிட்டுப் போய் இலையில உக்கார வையி. பசி உயிரு போகுது."

"இந்தா வாரேன், கத்தாதீக அத்தை" என்றார் மதினி எரிச்சலோடு. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். மாமா அட்சதைத் தட்டை யார் கையிலோ கொடுத்துவிட்டுப் பந்தல்காலுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.